ஐந்து கட்டைச் சுருதி தானாக ஏறியது: யாருக்காவது இப்படி நடந்ததா?

பாட்டு டீச்சர்
மாணவிக்காகப் போன மாதம் பதிவு செய்த கீர்த்தனையை நேற்று ப்ராஜெக்டில் திறந்தேன். நான் பாடுவது ஐந்து கட்டை. கேட்டால் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கிறது. தம்புராவும் கூடவே ஏறியிருக்கிறது, என் குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டு இருபது வினாடி முன்பே முடிகிறது. அதே கோப்பு போனில் சரியாகப் பாடுகிறது.

பஸ் பயணி
வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் 1.5 அழுத்தியது போலத்தானே? எனக்கும் அப்படி ஆனது, பட்டனை மாற்றினேன், சரியாகிவிட்டது.

ரெக்கார்டிங் அண்ணன்
அந்தப் பட்டன் சுருதியை ஏற்றாது, வேகத்தை மட்டும்தான் கூட்டும். இங்கே இரண்டும் சேர்ந்து ஏறியிருப்பதுதான் அடையாளம். டீச்சர், கோப்பு கெடவில்லை. வினாடிக்கு 44100 எண்கள் என்று உங்கள் ப்ராஜெக்ட் கணக்கு வைத்திருக்கிறது, ஆடியோ இன்டர்ஃபேஸோ 48000 எடுத்துக்கொள்கிறது. நான்கு நிமிடத்துக்கான எண்கள் 220.5 வினாடியிலேயே தீர்ந்துவிடும். நீங்கள் சொன்ன இருபது வினாடி அதுதான். போனில் சிஸ்டம் நடுவில் நின்று விகிதத்தை மாற்றிக் கொடுத்துவிடும். இன்டர்ஃபேஸின் பேனலைத் திறந்து, கிளாக் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பாட்டு டீச்சர்
பேனலில் 48000, கிளாக் External! தம்பி எட்டு மைக் பெட்டி ஒன்றை ஆப்டிகல் வயரில் இணைத்திருந்தான். வயரைக் கழற்றி Internal, 44100 வைத்ததும் கீர்த்தனை சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டி வழியாக நேற்று பதிந்த வர்ணம், நேற்று நன்றாகக் கேட்டது, இப்போது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு போகிறது.

மிக்ஸிங் தம்பி
அதை 48000க்கு கன்வெர்ட் செய்துவிடுங்கள்.

ரெக்கார்டிங் அண்ணன்
தம்பி, எண் சரி, வழி தவறு. கன்வெர்ட் செய்தால், கோப்பின் தலைப்பில் இருக்கும் 44100ஐ நம்பி, இறங்கின சுருதியை அப்படியே பத்திரப்படுத்திவிடும். பதிந்தது உண்மையில் 48000இல்தான். நேற்று கேட்டபோதும் அதே வேகத்தில் ஓடியதால் பிழை தெரியவில்லை. தலைப்பை மட்டும் திருத்த வேண்டும்:

```
sox -r 48000 varnam.wav sari.wav
```

Audacityயில் என்றால் டிராக் மெனுவில் Rate 48000 ஆக்கினால் போதும். சுருதி சரியான பிறகு, ப்ராஜெக்டுக்காக 44100க்கு கன்வெர்ட் செய்துகொள்ளலாம். அப்புறம், அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

பாட்டு டீச்சர்
ஐந்து கட்டைக்கே வந்துவிட்டது! பயந்தே போயிருந்தேன், நன்றி அண்ணா.

வீணைக்காரர்
என்னிடம் வெளி வயரே இல்லை. பிரவுசரில் வீடியோ கால் பேசி முடித்த பிறகு, சில நாள் மட்டும் இப்படி ஆகிறது.

ரெக்கார்டிங் அண்ணன்
கால் வந்தபோது இன்டர்ஃபேஸ் 48000க்குப் போய், ப்ராஜெக்டுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் சில நாள் மட்டும் ஏன் என்று தெரியவில்லை. அடுத்த முறை எதையும் மூடாமல், முதலில் பேனலில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.