டிடி டிரான்ஸ்பார்மர் ஆடிட்டில் ஒன்று மைனஸ், ஒன்று 41% நஷ்டம் காட்டுது. எவ்வளவு திருட்டு?

பிரிவு_ஜேஇ: அவசரம், நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும். 11 கேவி ஃபீடர், ஜூன் மாசம். சப்ஸ்டேஷன் எஸ்.எஸ் மீட்டரில் 4,12,000 யூனிட். டிடி மீட்டர் எல்லாம் சேர்த்து 3,94,000. பில் ஆனது 3,31,000. டிடி-7இல் மீட்டர் 14,200, பில் 16,900. டிடி-11இல் மீட்டர் 21,600, பில் 12,700. இதில் திருட்டு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது?

சோலையூர்: மொத்தம் எத்தனை டிடி? எத்தனை கேவிஏ? மீட்டர் எல்டி பக்கமா? ஹெச்டி சர்வீஸ் இருக்கா? பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறைதானே, ஜூன் மாசத்துக்கு எப்படி எடுத்தீங்க?

பழைய லைன்: இது கூடத் தெரியாம ஆடிட்டா தம்பி? 41 சதவீதம்னா கொக்கிதான். ராத்திரி 8 மணிக்கு மேல டிடி-11 லைனோட நடந்து பாருங்க, தெரிஞ்சிடும். கணக்கெல்லாம் அப்புறம்.

பிரிவு_ஜேஇ: 19 டிடி, எல்லாம் 100 கேவிஏ, மீட்டர் எல்டி பக்கம். ஹெச்டி சர்வீஸ் இல்லை. ஹெச்டி லைன் சுமார் 5 கி.மீ., வீசல் கண்டக்டர். பில்லை ரெண்டால் வகுத்தேன்.

மின்கணக்கு: சார், திருட்டைத் தேடும் முன்னாடி எஸ்.எஸ்ஸுக்கும் டிடிக்கும் நடுவில் உள்ள 18,000ஐப் பாருங்க. அங்கே கொக்கி போட ஆள் வராது, அது டெக்னிக்கல் நஷ்டமாவோ மீட்டர் பிழையாவோதான் இருக்கும். அதனால கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். பழைய 100 கேவிஏவுக்கு இரும்பு நஷ்டம் 260 வாட். 19 டிடிக்கு 720 மணி நேரம்னா சுமார் 3,600 யூனிட். உங்க லோடுக்குத் தாமிர நஷ்டம் 3,000க்குள்ள. சராசரி 33 ஆம்பியர், லோடு வழி நெடுகப் பரவியிருக்குன்னு வச்சா ஹெச்டி லைனில் சுமார் 4,500. ஆக 11,000. மீதி 7,000 யூனிட் எங்கேயோ ஒரு டிடி மீட்டர் பதியாம விட்டது.

டிடி-7இல் ஒரு பேஸ் வோல்ட்டேஜ் மீட்டருக்கு வரலைன்னா மூணில் ரெண்டு பங்குதான் பதியும். அப்போ நிஜம் 21,300, விடுபட்டது 7,100. சரியாப் பொருந்துது. ஒரு சிடி தலைகீழா மாட்டியிருந்தா மூணில் ஒரு பங்குதான் பதியும், நிஜம் 42,600 ஆகணும். அப்படின்னா டிடி மொத்தம் எஸ்.எஸ் மீட்டரையே தாண்டிடும், அது நடக்காது. டிஸ்ப்ளேயில் மூணு பேஸ் வோல்ட்டேஜையும் பாருங்க.

தாமரை_அபார்ட்மெண்ட்: எங்க அபார்ட்மெண்ட் காமன் மீட்டரும் திடீர்னு ஏறிடுச்சு. இதே மாதிரி சிடி பிரச்சினையா இருக்குமா?

சோலையூர்: அம்மா, இது ஃபீடர் கணக்கு. தனி இழை போடுங்க.

டிடி-7 மைனஸுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். டிடி-11ஓட சர்வீஸ்கள் பதிவேட்டில் 7க்குக் கீழே எழுதியிருந்தா அங்கே மைனஸ், இங்கே பெரிய நஷ்டம்னு வரும். எல்லைக் கம்பத்தில் இணைப்பு எந்தப் பக்கம் போகுதுன்னு நேரில் பாருங்க.

பழைய லைன்: டிடி மீட்டரையே ஹெச்டி பக்கம் வச்சா இந்தக் குழப்பமே இல்லை.

மின்கணக்கு: ஒவ்வொரு 100 கேவிஏவுக்கும் ஹெச்டி சிடி, பிடி வைக்கிற செலவை யார் தருவாங்க? வச்சாலும் டிரான்ஸ்பார்மர் நஷ்டம் எல்டி கணக்கோட கலந்துடும். நமக்கு வேண்டியதே அதைப் பிரிக்கிறதுதான்.

பழைய லைன்: கழிச்சுக்க வேண்டியதுதானே.

சோலையூர்: ரெண்டு பேரும் அப்புறம் பேசுங்க. டிடி-11இல் விவசாய சர்வீஸ் இருக்கா?

பிரிவு_ஜேஇ: இருக்கு, 6 மோட்டார், எல்லாம் 5 ஹெச்பி. மீட்டர் இல்லை, இலவசம்தானே, அதனால சொல்லலை.

மின்கணக்கு: அதுதான் சார் முக்கியம்! ஒரு 5 ஹெச்பி மோட்டார் முழு லோடில் சுமார் 4.4 கிலோவாட் இழுக்கும். தினம் 6 மணி நேரம்னா ஆறுக்கும் சேர்த்து மாசம் 4,750 யூனிட். இது பில் ஆகாத நுகர்வு, திருட்டு இல்லை. உங்க 8,900இல் எல்டி லைன் நஷ்டம், 600 மீட்டர் வீசல்னா, ஒரு 1,250. மீதி 2,900தான் கேள்வி. அதிலும் பில்லைப் பாதியா வகுத்ததால வந்த பிழை இருக்கு. மே மாசமும் ஜூனும் ஒரே அளவு ஓடாது. ரீடிங் எடுக்கிற அன்னைக்கே டிடி ரீடிங்கும் எடுத்து ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துப் பாருங்க. 6 மணி நேரம் நான் வச்ச ஊகம்தான், ரெண்டு மோட்டாரிலாவது டாங் டெஸ்டர் வச்சு ஓடுற நேரத்தைப் பாருங்க.

பழைய லைன்: 2,900 கொக்கி இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

மின்கணக்கு: சொல்லலை. இன்னும் தெரியலைன்னுதான் சொல்றேன்.

பிரிவு_ஜேஇ: டிடி-7 பார்த்தாச்சு. பி பேஸ் வோல்ட்டேஜ் 0, டேப்பிங் ஒயர் லக் கருகியிருக்கு. ஆனா 21,300 வச்சாலும் அங்கே சுமார் 21 சதவீதம் நஷ்டம் நிக்குது. சர்வீஸ் எல்லை இன்னும் பார்க்கலை. ரிப்போர்ட்டில் இந்த மாசம் திருட்டு சதவீதம் எழுதலை.