“👍” என்று மட்டும் பதில் வந்தால் என்ன குறியிடுகிறீர்கள்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தாமிரபரணி

வீட்டு உபயோகப் பொருட்களுக்கான சேவை மையம் ஒன்றின் வாடிக்கையாளர் சாட்களை வகைப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு செய்திக்கும் நோக்கம் என்ன, மனநிலை என்ன என்று இரண்டு லேபிள் இட வேண்டும். முழு வாக்கியமாக எழுதுபவர்களால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. எமோஜி மட்டும் அனுப்புபவர்களும், “சரி”, “ம்” என்று நிறுத்திக்கொள்பவர்களும்தான் எங்கள் அணியை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். சமீபத்தில் வந்த ஓர் உரையாடலை அடையாளங்கள் நீக்கி இங்கே தருகிறேன்.

வாடிக்கையாளர்: மூன்றாவது முறையாகத் தேதியை மாற்றுகிறீர்கள்.
ஏஜென்ட்: சிரமத்திற்கு வருந்துகிறோம். டெக்னீஷியன் வியாழக்கிழமை கட்டாயம் வருவார்.
வாடிக்கையாளர்: 👍
ஏஜென்ட்: வேறு ஏதேனும் உதவி தேவையா?
வாடிக்கையாளர்: 🙏

எங்கள் வழிகாட்டிக் குறிப்பில் 👍 என்றால் “திருப்தி”, 🙏 என்றால் “நன்றி” என்று உள்ளது. அதன்படி இந்த உரையாடல் மகிழ்ச்சியாக முடிந்ததாகப் பதிவாகியது. மறுநாளே அவர் வாஷிங் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு எழுதிவிட்டார். அந்த 👍 கோபத்தின் அடையாளம் என்கிறேன் நான். தேதிக்கு ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான் என்கிறார் என் சக பணியாளர். இப்படிப்பட்ட இடங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இரவுப்பணி

இதற்கு ஆயத்தப் பட்டியலே இருக்கிறது, தோழி. 2015-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 751 எமோஜிகளுக்கு நேர்மறை, எதிர்மறை மதிப்பெண் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். எமோஜி மட்டும் வந்தால் பட்டியலைப் பார்த்து மதிப்பெண்ணை இட்டுவிடுகிறோம், யாருக்குள்ளும் வாக்குவாதம் வருவதில்லை. 😡, 😠 போன்றவற்றில் அது தவறியதை நான் பார்த்ததே இல்லை.

உரையாடல் பகுப்பாளர்

நண்பர் சொல்வது 😡 விஷயத்தில் சரி, ஏனென்றால் அந்த முகம் எந்தக் கேள்விக்குப் பின் வந்தாலும் பெரும்பாலும் ஒரே பொருளைத்தான் தருகிறது. ஆனால் அந்தப் பட்டியல் 13 ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்ட ட்வீட்களை வைத்துக் கணக்கிடப்பட்டது. ட்வீட் எழுதுபவர் தாமாக எதையோ சொல்ல வருகிறார். சாட்டில் இருப்பவரோ ஒரு கேள்விக்கு விடை தருகிறார். விடையின் பொருளில் பாதி கேள்விக்குள்தான் இருக்கும் என்பதால், 👍, 🙏, “சரி”, “ம்” ஆகிய நான்குக்கும் தனிமதிப்பெண் என்று ஒன்று இருக்க முடியாது.

தாமிரபரணி தந்த உரையாடலையே எடுத்துக்கொள்வோம். “வியாழக்கிழமை வருவார்” என்பதற்குப் பின் வந்த 👍, நோக்கத்தைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லாமல் தேதிக்கான ஒப்புதல். “வேறு உதவி தேவையா” என்பதற்குப் பின் வந்த 🙏, “வேண்டாம், முடித்துக்கொள்ளலாம்” என்ற பொருளில் வந்தது. இதே 🙏 “விதிமுறைப்படி பணத்தைத் திருப்பித் தர இயலாது” என்ற வரிக்குப் பின் வந்திருந்தால் அது மன்றாடல், அதாவது கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. உரையாடலின் முதல் செய்தியாக வந்திருந்தால் அது வணக்கம். ஆகவே, குறியிடுபவரின் திரையில் அந்தச் செய்தியோடு அதற்கு முந்தைய ஏஜென்ட் வரியும் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். பல நிறுவனங்களில் செய்திகளை வரிசை கலைத்து, ஒற்றை ஒற்றையாகத்தான் குறியிடுபவருக்கு அனுப்புகிறார்கள். அந்த நிலையில் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் அவர் ஊகிக்கத்தான் முடியும்.

மனநிலை வேறு கணக்கு. அந்த 👍 தன்னளவில் மனநிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்வது “மூன்றாவது முறையாக” என்ற வரி. எனவே அந்தச் செய்திக்கு மனநிலை “தெரியவில்லை” என்றும், உரையாடல் முழுமைக்கும் “அதிருப்தி” என்றும் நாங்கள் இடுவோம். “தெரியவில்லை” என்பதையும் “நியூட்ரல்” என்பதையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். நியூட்ரல் என்பது, பார்த்தோம், உணர்ச்சி இல்லை என்ற முடிவு. மற்றது, முடிவு செய்ய ஆதாரம் இல்லை என்ற ஒப்புதல். இரண்டையும் கலந்துவிட்டால், பொறுமை இழந்து ஒற்றைச் சொல்லுக்கு இறங்கிவிட்டவர்கள் எல்லாரும் அறிக்கையில் அமைதியானவர்களாகத் தோன்றுவார்கள்.

சின்னாளப்பட்டி சேலைகள்

எனக்கும் இதே பிரச்சினைதான். வாட்ஸ்அப்பில் சேலைப் படங்களை அனுப்பி விற்கிறேன். படத்திற்குக் கீழே ❤️ போடுகிறார்கள், சிலர் 👍 போடுகிறார்கள். பழைய வாடிக்கையாளர் என்றால் எடுத்து வைத்துவிடுகிறேன். புதியவர்களுக்கும் அப்படியே எடுத்து வைத்தால், “அழகாக இருக்கிறது என்று சொன்னேன், வாங்குகிறேன் என்றா சொன்னேன்?” என்று கேட்கிறார்கள். 👍 வந்தால் ஆர்டர் என்று எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? யாராவது தெளிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இரவுப்பணி

ஐயா, தாமிரபரணி கேட்பது மனநிலையைப் பற்றி. உங்களுடையது ஒப்பந்தம் தொடர்பான கேள்வி.

உரையாடல் பகுப்பாளர்

கேள்வி வேறாக இருந்தாலும் விடை ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் 2021-இல் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், 87 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயியின் அலைபேசிக்கு அனுப்பி, உறுதிப்படுத்தும்படி கேட்டது. அவர் 👍 மட்டும் அனுப்பினார், விதை வரவில்லை. செய்தி கிடைத்தது என்று தெரிவிக்கவே அதை அனுப்பியதாக அவர் வாதிட்டார். 2023-இல் நீதிமன்றம் அதை ஒப்புதல் என்று தீர்ப்பளித்து, ஏறக்குறைய 82,000 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை. இதில் நமக்குப் பயன்படுவது நீதிபதி அந்த முடிவுக்கு வந்த வழி. இதே இருவருக்கும் இடையே முன்பு நடந்த ஒப்பந்தங்களில் “ஓகே” போன்ற ஒற்றைச் சொல் பதில்களுக்குப் பிறகு தானியம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பழக்கம்தான் 👍-க்குப் பொருள் தந்தது.

உங்கள் பழைய வாடிக்கையாளரின் ❤️ ஆர்டராக இருப்பதும், புதியவரின் ❤️ பாராட்டாக மட்டும் நிற்பதும் அதனால்தான். புதியவரிடம் “எடுத்து வைக்கட்டுமா? விலை இவ்வளவு” என்று ஒரு வரி கேளுங்கள், அதற்குப் பின் வரும் 👍-ஐ நம்பலாம்.

சரவணம்பட்டி நிரலர்

குறியிடுபவரின் கண்ணுக்கு வருவதற்கு முன்பே இந்தச் செய்திகள் சிதைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு திட்டத்தில், “நோக்கம் அறிய முடியவில்லை” என்ற குவியலில் வெற்றுச் செய்திகள் ஏராளமாகக் கிடந்தன. கூடவே “சர”, “இலல” என்று யாரும் தட்டியிருக்க முடியாத சொற்களும் இருந்தன. காரணம், தரவைச் சுத்தம் செய்ய எல்லாரும் வழக்கமாக எழுதும் இந்த ஒரு வரி:

```python
re.sub(r"[^\w\s]", "", "சரி 👍")   # 'சர '
```

பைத்தானின் `re` தொகுப்பில் `\w` என்பது தமிழின் மெய்ப்புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே எமோஜியோடு அவையும் போய்விடுகின்றன. நீண்ட வாக்கியத்தில் இது நடந்தால் உடனே கண்ணில் படும். “ம்” என்பது “ம” ஆனதை யார் கவனிப்பார்கள்? உங்கள் தரவில் தமிழ்ச் சொற்கள் புள்ளியே இல்லாமல் இருந்தாலோ, செய்தி எண் இருந்து செய்தி மட்டும் காலியாக இருந்தாலோ, முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப் ரியாக்‌ஷன். செய்தியை அழுத்திப் பிடித்து இடும் ❤️, வணிகக் கணக்கின் ஏபிஐ வழியாக வரும்போது சாதாரணச் செய்தியாக வருவதில்லை. அது `reaction` என்ற வகையில், எந்தச் செய்திக்கு இடப்பட்டதோ அதன் `message_id`-யோடு வருகிறது. அந்த எண்ணைப் பார்க்காமல் நேர வரிசையில் அடுக்கினால், காலையில் அனுப்பிய விலைப்பட்டியலுக்கு இட்ட ❤️, சற்றுமுன் அனுப்பிய “உங்கள் ஆர்டர் ரத்தானது” என்பதற்குப் பதிலாக நின்றுவிடும்.

மேற்பார்வையாளர் அக்கா

நான் ஏஜென்ட்களைப் பார்த்துக்கொள்பவள். நிரல் எழுதத் தெரியாது. குறியிடுபவர்கள் தடுமாறும் இடங்களில் பாதி, கேள்வி கேட்ட விதத்தால் வருகிறது என்பது என் அனுபவம். “பணம் இன்னும் வரவில்லையா?” என்று ஏஜென்ட் கேட்கிறார். ஒருவர் “ஆமாம்” என்கிறார், இன்னொருவர் “இல்லை” என்கிறார். இருவருக்குமே பணம் வரவில்லை! முதலாமவரின் டிக்கெட்டை “பணம் கிடைத்தது” என்று கணினி மூடிவிட்டது. இப்போது “பணம் வந்துவிட்டதா?” என்று மட்டுமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதேபோல் “ரத்து செய்யவா, மாற்றி அனுப்பவா?” என்று கேட்டு “சரி” என்று பதில் வந்தால், அதற்கு லேபிள் தேட வேண்டாம். ஏஜென்ட் மறுபடி கேட்டே ஆக வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். ஏஜென்ட் பத்து வரி விளக்கம் அனுப்பிய இரண்டு வினாடிக்குள் 👍 வந்தால், அவர் அதைப் படித்திருக்க முடியாது. அது அதற்கு முந்தைய செய்திக்கான பதில். இருவரும் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கும் சாட்டில் இது அடிக்கடி நடக்கிறது.

இரவுப்பணி

இதெல்லாம் சரி, அக்கா. ஆனால் எங்கள் நிர்வாகம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம்தான் கேட்கிறது. “தெரியவில்லை” என்று நான்காவது ஒன்றை அனுப்பினால் வேலை முடியவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். பட்டியல் மதிப்பெண் முழுமையானதல்ல என்பதை ஏற்கிறேன், அதற்கு மாற்றாக நான் எதைக் கொடுப்பது?

உரையாடல் பகுப்பாளர்

வாடிக்கையாளர் குறைந்தது ஒரு முழு வாக்கியமாவது எழுதிய உரையாடல்களுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். எமோஜியும் ஒற்றைச் சொல்லும் மட்டுமே உள்ளவற்றை “மனநிலை கணக்கில் சேர்க்கப்படாதவை” என்று தனி எண்ணிக்கையாக அதே அறிக்கையில் காட்டுங்கள். எந்தச் சேவைப் பிரிவில் அந்த எண்ணிக்கை திடீரென்று கூடுகிறதோ, அங்கே சில உரையாடல்களை எடுத்து முழுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். இதையும் உங்கள் நிர்வாகம் ஏற்காமல் போகலாம்.

தாமிரபரணி

அனைவருக்கும் நன்றி. முந்தைய ஏஜென்ட் வரியையும் நேரத்தையும் திரையில் காட்டும்படி கேட்டிருக்கிறேன். நோக்கத்தைப் பொறுத்தவரை என் சக பணியாளர் சொன்னதே சரி, அது தேதிக்கான ஒப்புதல்தான். மனநிலையில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அந்தச் செய்திக்குத் “தெரியவில்லை” என்று இடுவதை அவர் ஏற்கிறார், நான் ஏற்கவில்லை. ஒரு வரிக்கு முன் குறை சொன்னவர், அதற்குத் தீர்வு கிடைக்காத நிலையில் இடும் 👍-ஐ, கேட்டதும் கிடைத்தவர் இடும் 👍-ஓடு ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்கு இருவரின் லேபிளையும் அழிக்காமல் தனித்தனிப் பத்தியில் வைத்திருக்கிறோம். குறை சொன்ன அடுத்த வரியிலேயே இப்படி 👍 இட்டவர்கள் பின்னர் திரும்பி வந்து என்ன எழுதினார்கள் என்று யாராவது தொடர்ந்து பார்த்திருந்தால், அந்த அனுபவத்தை எழுதுங்கள்.