‘உன் கையில் என்ன?’ பிழைக்கு ஒரு சொல்

கவிதா:
வணக்கம். எங்கள் விவாத மன்றத்தின் நடுவர் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்கும் வாதப் பிழையான ஆட் ஹாமினெமுக்கு ‘ஆள்தாக்கு’ என்று போட்டாகிவிட்டது. ‘நீயும் அப்படித்தானே’ என்று திருப்பும் டூ குவோக்வே, சேர்க்கையைக் காட்டிப் பழிக்கும் கில்ட் பை அசோசியேஷன் இரண்டுக்கும் சொல் இல்லை, அதனால் நடுவர்கள் எல்லாவற்றையும் ஆள்தாக்கு என்றே குறித்துவிடுகிறார்கள். போன வாரம் விடுதி மெஸ்ஸில் பிளாஸ்டிக் தம்ளரை நிறுத்தச் சொல்லி ஒரு மாணவி பேசினாள். ஒருவன், “உன் கையில் இருக்கிற பாட்டில் என்ன, பித்தளையா?” என்றான். அடுத்தவன், “இதே கோரிக்கை அந்தக் கட்சி நோட்டீசில் இருக்கிறது” என்றான். யாரும் அவளைத் திட்டவில்லை.

சண்முகம்:
புதுச்சொல் எதற்கம்மா? நியாய சூத்திரம் என்னும் பழைய தர்க்க நூல், வாதத்தில் தோற்றதாகக் கொள்ளும் இடங்களாகச் சொல்லும் 22 தோல்வித்தானங்களில் மதானுஞ்ஞை இருக்கிறது. தன்மேல் சொன்ன குற்றத்தை மறுக்காமல் ‘உனக்கும் அது உண்டு’ என்று திருப்புவது. மறுக்காததாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பாஸ்கர்:
ஐயா, அவள் யார்மேலும் குற்றம் சொல்லவில்லையே, யோசனைதானே சொன்னாள்? அந்தச் சொல் பாதிக்குத்தான் பொருந்தும். அப்புறம் முதலாண்டுப் பிள்ளைகள் அதை எப்படி உச்சரிப்பார்கள்? மணிமேகலையில் வாதப் பிழைகளுக்குப் பக்கப்போலி, ஏதுப்போலி என்றெல்லாம் பெயர் வருகிறதே, அந்த வழியில் ‘சேர்க்கைப்போலி’ என்று வைக்கலாம்.

கவிதா:
கல்லூரியில் அப்படி எழுதினால் போலி அட்மிஷன் என்று நினைப்பார்கள் சார் :)

ரஹீம்:
என் மகனுக்கு இதுதான் நடந்தது. அறைத்தோழன் சிகரெட் பிடித்தான், இவனுக்கும் சேர்த்து அபராதம் போட்டார்கள்.

பாஸ்கர்:
அநியாயம்தான் பாய், ஆனால் அது தண்டனை, வாதம் இல்லை. சிகரெட் பிடிக்கிறவனோடு தங்குகிறான், அதனால் அவன் சொல்லும் மெஸ் கணக்கு தப்பு என்றிருந்தால் நம் பிழை.

சண்முகம்:
சேர்க்கையைப் பார்ப்பது பிழை என்றால் வள்ளுவரும் பிழைதான். ‘இனத்தியல்ப தாகும் அறிவு’ என்கிறாரே, 452.

மீனா:
அது ஆள் எப்படி மாறுவான் என்பது ஐயா. சொன்னது சரியா என்பதற்கு 423, ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’. கவிதா, நான் வகுப்பில் ஆளை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். கையில் பாட்டில் இல்லாத ஒருத்தி எழுந்து அதையே சொல்லட்டும், முதலாமவன் வாயடைத்துப் போவான். திட்டுகிறவனுக்கும் இதே கதிதான், ஆனால் அவன் காட்டுவது அவள் குணத்தை, இவன் காட்டுவது சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியை. நோட்டீஸ்காரன் மட்டும் அசரமாட்டான், யார் எழுந்தாலும் அதையே சொல்வான், ஏனென்றால் கறை கோரிக்கைமேலேயே ஒட்டியிருக்கிறது. எனவே ‘நீமட்டும் வாதம்’, ‘சகவாசப் பழி’. ஒரு எச்சரிக்கை: “நான் பிளாஸ்டிக்கைத் தொடுவதே இல்லை, என்னைத் தேர்ந்தெடுங்கள்” என்று அவள் கேட்டிருந்தால், பாட்டிலைக் காட்டுவது பிழையே இல்லை.

சண்முகம்:
சகவாசம் வடசொல். உறவுப்பழி என்று வையுங்கள்.

பாஸ்கர்:
மதானுஞ்ஞை மட்டும் என்னவாம் ஐயா?

கவிதா:
சார், நீங்களே செய்துவிட்டீர்களே! சரி, மீனா அக்கா சொன்ன இரண்டையும் போடுகிறேன். சண்முகம் ஐயாவின் மறுப்பு அடிக்குறிப்பில், இடம் இருந்தால்.

சண்முகம்:
இடம் இருக்கும். எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.