வேல்யூவர் ரிப்போர்ட்டை ஆடிட்டர் கிளறலாமா? 8 சதவீதச் சண்டை

பேரேடு: "வேல்யூவர் உரிமம் பெற்றவர், இருபது வருட அனுபவம். ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்தால் ஆடிட்டர் வேலை முடிந்தது. கேப் ரேட்டைக் கேள்வி கேட்க நமக்கு என்ன தகுதி?" பக்கத்து இழையில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். இதை ஏற்கிறீர்களா? அங்கே பேசப்படுவது வாடகைக்கு விட்ட அலுவலகக் கட்டடம். நிகர வாடகை வருடத்துக்கு 8 கோடி, அதை வகுத்து மதிப்பாக்கும் கேப் ரேட் 8 சதவீதம், மதிப்பு 100 கோடி. இதைத் தாண்டிய தவறு பெரிய தவறு என்று ஆடிட்டர் வைக்கும் வரம்பான மெட்டீரியாலிட்டி 4 கோடி.

தராசு: படித்ததும் எரிச்சல்தான் வந்தது. உரிமம் இருந்தால் அந்த ஆளுக்கு வேலை தெரியும் என்று ஆகும். இந்த எண் சரி என்று எப்படி ஆகும்? நிர்வாகம் அமர்த்திய நிபுணரின் திறமை, நடுநிலை இரண்டையும் பார்த்த பிறகு, அவர் வேலை சான்றாகப் பொருந்துமா என்றும் பார்க்கச் சொல்கிறது சர்வதேசத் தணிக்கைத் தரநிலையான ஐஎஸ்ஏ 500. அந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அதே ரிப்போர்ட்டின் இணைப்பில் ஒப்பிடத்தக்க விற்பனைகள் மூன்று இருக்கின்றன: 8.4, 8.7, 9.1 சதவீதம். மூன்றுக்கும் கீழே போய் 8 எடுத்திருக்கிறார். காரணம் ஒரே வரி: "இடம் சிறப்பானது". மூன்றில் மிகக் குறைந்த 8.4-ஐ எடுத்தாலே மதிப்பு 95.2 கோடி. வித்தியாசம் 4.8 கோடி, மெட்டீரியாலிட்டியைத் தாண்டிவிட்டது. இதைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

நிலமதிப்பன்: தராசு சார், நீங்கள் எப்போது வேல்யூவர் ஆனீர்கள்? கேப் ரேட் என்பது தொழில்முறைத் தீர்ப்பு, சராசரிக் கணக்கு அல்ல. நல்ல இடத்துக்கு ரிஸ்க் குறைவு, ரேட்டும் குறையும்.

தராசு: குறையட்டும். எவ்வளவு, ஏன் என்று எழுதச் சொல்கிறேன். நல்ல இடம் என்பதால்தான் சதுர அடி வாடகையே கூடுதலாக எடுத்திருக்கிறார். அதே காரணத்துக்காக ரேட்டையும் குறைத்தால் ஒரே நன்மையை இரண்டு தடவை எண்ணவில்லையா?

நிலமதிப்பன்: இல்லை. வாடகை இன்றைய வருமானம், ரேட் நாளைய ரிஸ்க். இரண்டும் வேறு. இது தெரியாதவர்கள் ரிப்போர்ட்டைக் கிளறுவதுதான் பிரச்சினையே.

புதுவரவு: நாமே ஒரு வேல்யூவரை அமர்த்தினால் ஆடிட் ரிப்போர்ட்டில் அவர் பெயரைப் போட்டுப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாமே?

தராசு: தம்பி, அது ஐஎஸ்ஏ 620, இங்கே பேசுவது நிர்வாகத்தின் ஆள். அங்கேயும் பொறுப்பு பிரியாது. கணக்கில் குறை சொல்லாமல் மாற்றமில்லாத கருத்து கொடுக்கும்போது, சட்டம் கேட்டால் ஒழிய நிபுணரைக் குறிப்பிடவே கூடாது.

பேரேடு: நடுநிலையை எப்படிப் பார்ப்பது? "சுதந்திரமானவர்" என்று அவரே கடிதம் கொடுத்திருக்கிறார்.

தராசு: அந்தக் கடிதம் போதாது. என்கேஜ்மென்ட் லெட்டரை வாங்கிப் படியுங்கள். கட்டணம் நிலையான தொகையா, மதிப்பைப் பொறுத்ததா, கடன் கிடைத்தால்தான் தருவார்களா என்று பாருங்கள். பிறகு டிராஃப்ட்டுகளைக் கேளுங்கள். முதல் டிராஃப்ட்டில் 92 கோடி இருந்து கடைசியில் 100 ஆகியிருந்தால், நடுவில் போன மின்னஞ்சல்கள்தான் உங்கள் சான்று. வேறு வேல்யூவரிடம் முதலில் வாங்கி ஒதுக்கிவிட்டார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

நிலமதிப்பன்: டிராஃப்ட் மாறினாலே திருட்டா? குத்தகைப் பட்டியலில் தப்பு இருந்தால் திருத்தத்தான் வேண்டும். எங்கள் தொழிலையே சந்தேகப்படுகிறீர்கள். போன மாத இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

தராசு: போன மாதம் பதில் சொல்லாமல் போனது நீங்கள். பட்டியல் என்றீர்களே, அதற்கே வருகிறேன். அதைக் கொடுத்தது நிர்வாகம், வேல்யூவர் சரிபார்க்கவில்லை. "தரப்பட்ட தகவலை நம்பினோம்" என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. அப்படியானால் குத்தகை ஒப்பந்தங்களோடு ஒத்துப் பார்ப்பது ஆடிட்டர் வேலை. 35 சதவீதப் பரப்பின் குத்தகை 14 மாதத்தில் முடிகிறது. ரிப்போர்ட்டில் காலியிட அனுமானம் வெறும் 5 சதவீதம். அந்த 35-இல் பாதிப் பேர் போனாலே 17 தாண்டும்.

பேரேடு: அப்படியானால் காலியிடத்தையும் கூட்டி, ரேட்டையும் 9 ஆக்கச் சொல்லலாமா?

தராசு: கூடாது. ஒரே ரிஸ்க்கை இரண்டு இடத்தில் கழித்தால் நாமும் தப்பு செய்கிறோம். வருமானத்தில் கழித்தால் ரேட்டில் விட்டுவிட வேண்டும். எங்கே கழித்தார் என்று முதலில் வேல்யூவரிடமே கேளுங்கள். நிர்வாகம் கூட இருக்கலாம், ஆனால் பதில் அவர் வாயிலிருந்து வரட்டும்.

நிலமதிப்பன்: 8 சதவீதத்துக்குள்ளேயே அதெல்லாம் அடக்கம்.

தராசு: காலியிட ரிஸ்க்கையும் அடக்கியும் மூன்று விற்பனைக்கும் கீழே 8 வருகிறதா? அப்படியானால் இன்னும் மோசம்.

நிலமதிப்பன்: அந்த மூன்றும் பழைய கட்டடங்கள். இணைப்பை முழுசாகப் படியுங்கள்.

தராசு: படித்தேன். கட்டிய வருடம் ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. ரிப்போர்ட்டில் இல்லாததை நீங்கள் இங்கே சேர்க்காதீர்கள்.

நிலமதிப்பன்: 8 சரிதான். எந்த வேல்யூவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.