புதுப்பிப்பு: நீர்ச் சுழற்சிப் படத்தில் குரலும் காட்சியும்

நான் முன்பு கேட்டது: "ஏழாம் வகுப்பு மாணவர்கள் பென்சில்2டி அசைவூட்ட மென்பொருளில் செய்த 40 விநாடிப் படத்தில், குரல் ஆவியாதலைச் சொல்லும்போது திரையில் மழை பெய்கிறது. ஏன்?"

ஒலிக்கோப்பை WAV ஆக மாற்றச் சொன்னவரின் யோசனைப்படி செய்தேன். ஒலி தெளிவாயிற்று, ஆனால் பிழை அப்படியே இருந்தது. ஸ்கிராட்ச் மென்பொருளில் குரலுக்கேற்பப் பாத்திரத்தின் உடை மாறும் தம் வகுப்புப் பாடத்தை விவரித்த ஆசிரியைக்கும் நன்றி, எங்கள் சிக்கல் வேறு. விநாடிக்கு எத்தனை சட்டங்கள் ஓடும் என்பதைக் குறிக்கும் FPS எண்ணைப் பார்க்கச் சொன்ன அண்ணன் சொன்னதே சரி.

மழை துள்ளாமல் சீராக விழ வேண்டுமென்று ஒரு மாணவி அந்த எண்ணை 12இலிருந்து 24 ஆக்கியிருந்தாள். படங்கள் சட்ட எண்ணிலேயே நிற்பதால், 15ஆம் விநாடியில் வர வேண்டிய ஆவியாதல் ஏழரை விநாடியிலேயே வந்துவிட்டது. குரலோ தன் வேகத்திலேயே ஓடியது. மீண்டும் 12 ஆக்கியதும் 181ஆம் சட்டத்தில் கடலிலிருந்து ஆவி எழுந்தது, குரலும் அங்கேயே அதைச் சொன்னது.

இனிமேல் குரலை முதலில் பதிந்து, ஒவ்வொரு சொற்றொடரும் தொடங்கும் சட்ட எண்ணைத் தாளில் குறித்த பிறகே வரையச் சொல்கிறேன். 12இலேயே மழை சீராக விழ, மூன்று படங்களை மாறி மாறி வரவைத்துப் பார்த்தோம். துளிகள் இன்னும் துள்ளுகின்றன.