செபோரிக் கெரடோசிஸுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

பாம்பன், ஆசிரியர்:
மண்டபத்தில் நடக்கப்போகும் தோல் முகாமுக்குத் துண்டறிக்கை எழுதுகிறேன். வயதானவர்களுக்கு முதுகிலும் நெஞ்சிலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ தடித்து வருமே, செபோரிக் கெரடோசிஸ், அதற்குக் ‘கொழுப்பு மரு’ என்று போட்டிருக்கிறேன். சரியா டாக்டரம்மா?

ராமநாதபுரம், தோல் மருத்துவர்:
இரண்டு சொல்லுமே வேண்டாம் சார். பெயரில்தான் செபோரிக், எண்ணெய்ச் சுரப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மேல்தோலின் செல்கள் பெருகி அங்கேயே குவிவதுதான் இது. ‘மரு’ என்றால் தொற்றும் என்று பயந்து பேரப்பிள்ளையைத் தூக்கவே தயங்குவார்கள். மெழுகுவர்த்தி சொட்டி உறைந்த மாதிரி தோலின் மேலே உட்கார்ந்திருக்கும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும் போலத் தோன்றும். அந்தத் தோற்றமே பெயரானால் நல்லது. ‘மெழுகொட்டு’ எப்படி?

தொண்டி, படகு கட்டுபவர்:
மெழுகு எதற்கு? வல்லத்தின் அடியில் கொட்டலசு ஒட்டியிருப்பதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். மரத்துக்குள் போகாது, மேலேதான் இருக்கும். ‘கொட்டலசுத் தடிப்பு’ என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே புரியும், சுரண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது.

ராமநாதபுரம், தோல் மருத்துவர்:
ஒப்புமை அருமை அண்ணே, ஆனால் அந்தக் கடைசி வரிக்காகவே எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் சுரண்டினால் ரத்தம் வரும், புண்ணாகும். அதைவிட, சில மெலனோமா புற்றுநோயும் தடித்து, சொரசொரப்பாக, இதே மாதிரி இருக்கும். சுரண்டிப் போட்டுவிட்டால் சோதிக்க வேண்டிய சதையே கைவிட்டுப் போகும்.

கீழக்கரையிலிருந்து:
பெயரைப் பற்றி எனக்குத் தெரியாது. வாப்பாவுக்கு 68 வயது, முதுகில் இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு இருக்கிறது, பல வருஷமாக அப்படியே. இப்போது வலது உள்ளங்காலில் ஒரு கறுப்பு, சங்கு குத்திய தழும்பு என்கிறார். ஆறு மாதத்தில் மிளகளவிலிருந்து புளியங்கொட்டை அளவாகிவிட்டது. அதுவும் மெழுகொட்டுதானே?

ராமநாதபுரம், தோல் மருத்துவர்:
தம்பி, முதுகில் இருப்பதை விடுங்கள், காலைச் சொல்லுங்கள். விரலால் தடவினால் மேடு தட்டுகிறதா, தோலுக்குள்ளேயே மை ஊறின மாதிரி இருக்கிறதா? விளிம்பு எப்படி?

கீழக்கரையிலிருந்து:
மேடு இல்லை. ஒரு பக்கம் கோணலாக ஓடுகிறது, நடுவில் அடர் கறுப்பு, ஓரத்தில் சாம்பல் நிறம்.

ராமநாதபுரம், தோல் மருத்துவர்:
அப்படியானால் மெழுகொட்டு என்று நினைக்காதீர்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது வருவதில்லை, நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா அதிகம் வருவதோ அங்கேயும் நகத்தடியிலும்தான். தழும்பாகவும் இருக்கலாம், ஆனால் தழும்பு இப்படி வளராது. இந்த வாரமே சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாம்பன், ஆசிரியர்:
‘உள்ளங்காலில் இருந்தால் இது அதுவல்ல’ என்பதை முதல் வரியாக்கிவிட்டேன். பெயர் இப்போதைக்கு மெழுகொட்டு.

தொண்டி, படகு கட்டுபவர்:
சுரண்டுவதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கொட்டலசை அல்ல.

கீழக்கரையிலிருந்து:
இன்று சதை எடுத்தார்கள். முடிவு வரவில்லை.