தாய்மாமன் பிரெஞ்சில் வாழ்த்திய கதை, உங்களுக்கும் உண்டா?

கச்சான்காத்து:
இரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் திடீர்னு ஞாபகம் வந்தால் காது சூடாகிறது. பாம்பன் பக்கத்துப் பெண், பிரெஞ்சு மாப்பிள்ளை. கோயிலில் கல்யாணம் முடிந்து சாயங்காலம் விருந்து, அதில் பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி எழுந்து நின்று பிரெஞ்சில் வாழ்த்திப் பேச வேண்டும். அவருக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. நான் பாண்டிச்சேரியில் கொஞ்ச நாள் படித்தவன் என்பதால், தமிழில் எழுதிய நாலு பக்கத்தை முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கொண்டுவந்து, "தம்பி, விடியறதுக்குள்ள மாத்திக் குடு, தமிழ் எழுத்துலயே எழுது, நான் பார்த்து வாசிச்சுக்கிறேன்" என்றார்.

எழுத்து பிரமாதம், அதைச் சொல்லியாகணும். "இவ பிறந்தப்ப நான் கடல்ல இருந்தேன். கரைக்கு வந்து பார்த்தா நண்டு மாதிரி செவப்பா, கையைக் காலை மடக்கிக்கிட்டு ஒண்ணு கிடக்கு. கிலோ என்ன விலைன்னு கேட்டேன், எங்கக்கா அடிக்க வந்துட்டா." இது பிரெஞ்சில் அப்படியே போய் உட்கார்ந்தது, மத்தியானம் நண்டை உடைக்கத் தெரியாமல் திண்டாடியவர்கள்தானே, விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து, புருஷன் பொண்டாட்டி பழைய பாம்பன் பாலம் மாதிரி இருக்கணும், கப்பல் வந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கி வழிவிடணும், ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கப்பல் முட்டும் என்றார். காலையில்தான் பாலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள், அதற்கும் கைதட்டல்.

மூணாம் பக்கத்தில் நான் விழுந்தேன். முதல் பக்கத்தில் அவர் 'அக்கா மகள்' என்று எழுதியிருந்தார், சரியாக 'நியெஸ்' என்று போட்டேன். மூணாம் பக்கத்தில் 'என் மருமகள் என் வீட்டுலதான் வளர்ந்தா, இன்னைக்கு உங்க கையில ஒப்படைக்கிறேன்' என்றிருந்தது. மணி ரெண்டரை. கை தானாக 'பெல்-ஃபீய்' என்று எழுதிவிட்டது. நமக்கு அக்கா மகளும் மருமகள், மகன் பொண்டாட்டியும் மருமகள். பிரெஞ்சில் பெல்-ஃபீய் என்றால் மகன் பொண்டாட்டி, இல்லையென்றால் கட்டியவருடைய முதல் தாரத்துப் பெண். அக்கா மகளுக்கு அந்தச் சொல் கிடையவே கிடையாது.

அவர் நிறுத்தி நிதானமாக, மைக்கில், என் மகன் பொண்டாட்டியை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று வாசித்தார். மாப்பிள்ளையின் பாட்டி முள்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அத்தனை வெள்ளைக்காரத் தலையும் முன்வரிசையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த அவருடைய மகன் பக்கம் திரும்பியது. மாமா, எல்லாரும் நெகிழ்ந்து போயிட்டாங்க என்று நினைத்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடியும் வாசித்தார்.

நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

கீழக்கரை மச்சான்:
தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தீங்களே, அதுவே புண்ணியம். என் சின்ன மாமா பாரிஸில் ஒரு வலிமா விருந்தில் பேசினார், "எனக்கு இங்கிலீஷ் தெரியும், அதே எழுத்துதானே" என்று பிரெஞ்சு எழுத்திலேயே வாங்கிக்கொண்டார். அவர் எழுதிய தமிழ், 'கீழக்கரைக்கு வாங்க, வந்த உடனே மீன் சாப்பிடக் கொடுப்போம்.' மீனுக்கு அவர்கள் எழுதுவது poisson. புவாஸோன் என்று வரவேண்டியதை மாமா கணீரென்று 'பாய்சன்' என்றார். விஷத்துக்கும் அவர்கள் சொல் ஏறக்குறைய அதேதான், நடுவில் ஒரு s குறையும். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் ஒருவர் தட்டிலிருந்த மீனை ஒரு தடவை உற்றுப் பார்த்தார் பாருங்க, அந்தப் பார்வை போதும்.

தொண்டிக்காரி:
பாட்டி கரண்டியை வைத்ததற்குக் காரணம் வேற. அங்கே மாமன் மருமகளைக் கட்டினால் ஜெயில். 'மருமகள்' என்றதும் இவரே கட்டியிருந்தாரோ என்று பயந்திருப்பார்கள். எங்க வீட்டுக் கல்யாணத்தில் ஒரு மாமா "முறைப்படி மாலை என் கழுத்துக்கு வரவேண்டியது, மைக்காவது வந்துச்சே" என்று ஜோக் அடித்தார், தமிழ் ஆளுங்க சிரித்தார்கள், அந்தப் பக்கம் மயான அமைதி. மொழிபெயர்த்தவளை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது நான்தான்.

பாண்டி ரிட்டர்ன்:
தொண்டிக்காரி அக்கா, ஜெயில் எல்லாம் இல்லை. அவர்கள் சிவில் சட்டம் 163ஆம் பிரிவு மாமன் மருமகள் கல்யாணத்தைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் 164இல் வழி இருக்கிறது, கனமான காரணம் இருந்தால் ஜனாதிபதியே விலக்குக் கொடுக்கலாம். ஆனால் முறை ஜோக் அங்கே எடுபடாது என்பது வாஸ்தவம். நீங்கள் திட்டு வாங்கியது நியாயமில்லை, அதை விட்டுவிட்டு வேறு வரி போட்டிருக்கலாம்.

என் கதை சின்னது. எங்க பெரிய மாமா எழுதியதில் மாப்பிள்ளைக்கு வரிக்கு வரி 'வாங்க, இருங்க, பார்த்துக்குங்க'. நம்ம ஊரில் மாப்பிள்ளையை வா போ என்பாரா? நானும் மரியாதையாக எல்லாவற்றுக்கும், நம்ம 'நீங்க' மாதிரி, 'வூ' போட்டேன். விருந்து முடிந்ததும் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டான். குடும்பத்துக்குள் வந்தவனை 'வூ' என்றால் தள்ளி நிறுத்தி வைப்பதாக அவனுக்குப் படுகிறது.

அதனால் இனிமேல் யாராவது செய்தால் கேட்டுக்குங்க. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வரிக்கு நம்ம 'நீ' மாதிரி 'த்யு', அவன் அப்பா அம்மாவுக்கு 'வூ', ரெண்டு பேரையும் சேர்த்துப் பேசினால் பன்மை என்பதால் எப்படியும் 'வூ'தான். மாற்ற ஆரம்பிக்கும் முன் தமிழ்த் தாளிலேயே ஒவ்வொரு வரியும் யாரைப் பார்த்துப் பேசுவது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். உறவுச் சொல் வரும் இடமெல்லாம் வட்டம் போட்டு, மருமகள் என்றால் யாருடைய மகள் என்று பக்கத்தில் எழுதுங்கள், 'என் அக்காவின் மகள்' என்று பிரெஞ்சில் நீட்டிச் சொன்னால் ஒரு குழப்பமும் இல்லை. கடைசி வரி கிளாஸைத் தூக்குவது, 'ழ லெவ் மொன் வேர்'. இதைத் தமிழில் எழுதினால் நம்ம ஆளுங்களுக்கு மரத்து வேர்தான் தெரியும். எங்க மாமா "என் வேரை நானே பிடுங்கவா?" என்று சண்டைக்கு வந்தார். அதையே நான் அவருடைய பேச்சில் முதல் வரியாகப் போட்டுவிட்டேன், தமிழ் ஆளுங்க சிரித்தார்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கு மாப்பிள்ளையே விளக்கம் சொன்னான். கிளாஸில் நன்னாரி சர்பத்தானாலும் பரவாயில்லை, முட்டும்போது எதிராளி கண்ணைப் பார்க்கணும், குனிந்து கிளாஸைப் பார்த்தால் தப்பு.

கடலாடி 2:
இதே மாதிரிதான் எனக்கும், கல்யாண சர்டிபிகேட்டைப் பிரெஞ்சில் மாற்றணும். யாரிடம் கொடுத்தீங்க, பக்கத்துக்கு எவ்வளவு ஆச்சு?

கீழக்கரை மச்சான்:
அண்ணே, இது மாமா பேச்சு. சர்டிபிகேட்டுக்கு அங்கே ஏற்றுக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்தான் வேணும், கச்சான்காத்திடம் கொடுத்துடாதீங்க, உங்க பொண்டாட்டியை யாருக்காவது மருமகளாக்கிடுவார்.

தொண்டிக்காரி:
பாண்டி, வேறு வரி போட்டிருக்கலாம் என்கிறீங்க. மாமா ஜோக் அடித்து, அரங்கமே சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் அறுபது பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். பொய் சொல்லவா? அவர் பேச்சு அவருடையதுதானே.

கச்சான்காத்து:
இதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை அக்கா. மாப்பிள்ளையிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன், அவன் பாட்டி காதில் சொன்னான், பாட்டி மறுபடி கரண்டியை எடுத்தார்கள்.

மாமாவுக்குப் போன மாசம் மாப்பிள்ளையின் அம்மா கடுதாசி போட்டிருந்தார்கள், வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். பெண்ணைப் பற்றி எழுதிய இடத்திலெல்லாம் 'மா பெல்-ஃபீய்', அவர்களுக்கு அவள் மருமகள்தானே, சரியான சொல்தான். நான் சத்தமாக வாசித்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "பார்த்தியா, நான் அன்னைக்குப் பேசுனதை அப்படியே எடுத்து எழுதியிருக்காங்க" என்று அத்தையைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.